விபத்துக்கும் சாவுக்கும் நடுவில் ஆஸ்பத்திரி வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் வாகன விபத்துக் கேஸ் நடத்தும் ஒரு வக்கீலிடம் பல வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். காங்கேயம், பெருந்துறை, கோபி, தாராபுரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்பது ஏறக்குறைய இந்தக் கேள்விகளைத்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன். உங்கள் கேஸுக்கு உங்கள் வக்கீலையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

"வண்டி இடிச்சு கால்தானுங்க முறிஞ்சுது. உசுரு போனது இருபத்திமூணு நாள் கழிச்சு ஆஸ்பத்திரியில. இது விபத்துச் சாவுன்னு எடுத்துக்குவாங்களா?"

பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். இடித்த இடத்திலேயே உயிர் போயிருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. விபத்தில் பட்ட காயம் ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்ச் சாவில் முடிந்ததா என்பதுதான் கேள்வி. முறிவு, ஆபரேஷன், புண்ணில் சீழ், ரத்தத்தில் கிருமி, மரணம் என்று தொடர்ச்சியாகக் காட்ட முடிந்தால், கடைசிப் படி ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடந்தாலும் அது விபத்துச் சாவுதான்.

"நடுவுல சங்கிலி அறுந்துபோச்சுன்னு இன்சூரன்ஸ் வக்கீல் சொல்றாருங்க. என்ன சங்கிலி அது?"

காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே உள்ள தொடர்பைத்தான் அப்படிச் சொல்கிறார். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் வழியில் கொஞ்சம் கசியும், கொஞ்சம் கரை ஊறும். அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், தண்ணீர் விட்டதன் விளைவு என்றே கணக்கு. ஆனால் நடுராத்திரியில் ஒருத்தன் கரையை வெட்டிப் பக்கத்துக் காட்டை மூழ்கடித்தால், மதகைத் திறந்தவரை அதற்குப் பொறுப்பாக்க முடியாது. வெட்டியவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

கோர்ட்டும் அதே மாதிரிதான் பார்க்கிறது. நடுவில் வந்த செயல், முதல் விபத்து நடந்தால் வழக்கமாக வரக்கூடியதுதானா, இல்லை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத ஒன்றா? அது வந்த பிறகும் முதல் காயம் வேலை செய்துகொண்டிருந்ததா, இல்லை வெறும் பழைய கதையாகிவிட்டதா? இரண்டிலும் பதில் இடித்தவருக்குச் சாதகமாக இருந்தால்தான் சங்கிலி அறுந்தது என்பார்கள். சும்மா ஒருவர் நடுவில் தவறு செய்தார் என்பது மட்டும் போதாது.

"டாக்டர் சரியாப் பாக்கலைங்க. அப்ப இடிச்ச வண்டிக்காரன் தப்பிச்சுக்குவானா?"

சாதாரணத் தவறுக்கெல்லாம் தப்பிக்க மாட்டான். ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அளவுக்கு அடித்தால், அங்கே மருந்து ஒரு நாள் தாமதமாகலாம், தையல் பிரியலாம், கிருமி ஏறலாம். இதெல்லாம் வரக்கூடியவை. வைத்தியம் மிக மோசமான, யாரும் செய்யாத தவறாக இருந்து, சாவுக்கு அதுவே முழுக் காரணமாகும்போதுதான் பேச்சு மாறுகிறது.

இங்கிலாந்தில் இதற்கு அருகருகே வைத்துப் பார்க்க இரண்டு கிரிமினல் கேஸ்கள் உண்டு. நம் கோர்ட்டை அவை கட்டுப்படுத்தாது, ஆனால் வக்கீல்கள் வாதத்தில் காட்டுவார்கள். 1956-ல் ஜோர்டான் கேஸ். கத்திக்குத்து பட்டவருக்குப் புண் பெரும்பாலும் ஆறிவிட்டது. அந்த நேரத்தில் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த மருந்தை மறுபடி கொடுத்தார்கள், நரம்பு வழியாக அளவுக்கு மீறித் திரவமும் ஏற்றினார்கள். அவர் இறந்தார். குத்தியவர் மீதான கொலைத் தண்டனை ரத்தானது. 1959-ல் ஸ்மித் கேஸ். குத்துப்பட்ட சிப்பாயைத் தூக்கிக்கொண்டு போகும்போது இரண்டு முறை கீழே போட்டார்கள், வைத்தியமும் சரியில்லை. ஆனாலும் இறக்கும் வரை அந்தக் குத்துக் காயம் உடம்பில் வேலை செய்துகொண்டே இருந்தது என்பதால் குத்தியவர்தான் பொறுப்பு என்றார்கள்.

வித்தியாசம் டாக்டரின் தவறு பெரியதா சின்னதா என்பதில் மட்டும் இல்லை. சாகும் நேரத்தில் பழைய காயம் இன்னும் உயிரோடு இருந்ததா என்பதில்தான் இருக்கிறது. என்னிடம் ஒருவர் டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டினால் முதலில் நான் தேடுவதும் இதைத்தான்: கடைசி நாளில் புண் எப்படி இருந்தது?

"அறுந்துபோனா எவ்வளவுதாங்க நட்டம்? அப்படியும் ஏதோ கொடுப்பாங்கல்ல?"

கொடுப்பார்கள், ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். வெள்ளகோவில் பக்கம் தறி ஓட்டுகிறவர், வயது 42, மாதம் 18,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு பிள்ளைகள். பால் வண்டி பக்கவாட்டில் இடித்து வலது கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. மறுநாள் ஆபரேஷன். ஆறாம் நாள் சீழ், காய்ச்சல். எந்தக் கிருமி என்று பார்க்கும் பரிசோதனைக்குப் பதினோராம் நாள்தான் அனுப்பினார்கள். 23-ஆம் நாள் இறந்தார். ஆஸ்பத்திரிச் செலவு 2,40,000.

சாவும் விபத்தால்தான் என்று நிரூபித்தால் கணக்கு இப்படி: 18,000-த்தோடு எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேர்த்தால் 22,500. அவர் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 15,000. வருடத்துக்கு 1,80,000. 42 வயதுக்குப் பெருக்கும் எண் 14. ஆக 25,20,000. இந்த முறை உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா கேஸிலும் 2017-ல் பிரணய் சேத்தி கேஸிலும் வகுத்தது. இறுதிச் சடங்கு, துணையை இழந்தது போன்றவற்றுக்கு இன்னும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும், ஆஸ்பத்திரிச் செலவு தனி. சங்கிலி அறுந்தது என்றால் கிடைப்பது அந்த ஆஸ்பத்திரிச் செலவு, 23 நாள் வருமானம், வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. எல்லாம் சேர்ந்து மூன்று, மூன்றரை லட்சத்தைத் தாண்டுவது கஷ்டம். இன்சூரன்ஸ் தரப்பு இந்த ஒரு விஷயத்தை ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று இப்போது புரியும்.

இந்தக் கேஸில் என்ன ஆகும்? ரோட்டு மண் புகுந்த திறந்த முறிவில் சீழ் பிடிப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். பரிசோதனை ஐந்து நாள் தாமதமானது தவறு என்றே வைத்துக்கொண்டாலும், அது ஏற்கெனவே எரிந்த நெருப்பை அணைக்காமல் விட்ட தவறு, புதிதாக வைத்த நெருப்பு இல்லை. புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறியதுதான் காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னால் சங்கிலி நிற்கும். புண் ஆறி நடக்க ஆரம்பித்தவருக்கு வேறு குரூப் ரத்தம் ஏற்றி அவர் இறந்திருந்தால், அப்போது இன்சூரன்ஸ் வக்கீலின் வாதத்துக்கு நல்ல பலம் உண்டு.

"வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்புறம் ராத்திரி உசுரு போச்சுங்க. போஸ்ட்மார்ட்டம் பண்ணாம மின்மயானத்துக்குக் கொண்டுபோயிட்டோம். பரவாயில்லைங்களா?"

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை. என் அனுபவத்தில் நம் பக்கம் சங்கிலி அறுவது டாக்டரின் தவறால் இல்லை, இங்கேதான். "இன்னும் எதுக்கு அறுத்துக்கிட்டு" என்று பெரியவர்கள் சொல்வார்கள், சொந்தபந்தம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும், விடிவதற்குள் எடுத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் "காயத்தால்தான் செத்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று குறுக்குக் கேள்வி வரும்போது கையில் எதுவும் இருக்காது.

மோதி சிங் கேஸ் என்று உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 1960-ல் உத்தரப் பிரதேசத்தில் ஒருவருக்கு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து, சுமார் மூன்று வாரம் கழித்து இறந்தார். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. வயிற்றில் குண்டு பாய்ந்த மனிதரின் சாவைக்கூட அந்தக் காயத்தால் வந்ததுதான் என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கால் முறிவுக்கு என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

விபத்தில் அடிபட்டவர் எங்கே, எத்தனை நாள் கழித்து இறந்தாலும், முதலில் எஃப்.ஐ.ஆர் போட்ட ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் விசாரணை செய்து, உடலை ஜி.ஹெச்-சுக்கு அனுப்பி, வழக்கின் பிரிவை மரணப் பிரிவுக்கு மாற்றி கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்புவார்கள். அந்தப் பிரிவு மாற்ற அறிக்கையின் நகல் கட்டாயம் வேண்டும். ஏற்கெனவே எரித்துவிட்டீர்கள் என்றால் மீதி இருப்பது ஆஸ்பத்திரிப் பதிவுகள்தான். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, முழு கேஸ் ஷீட்டையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். பார்த்த டாக்டரைச் சாட்சியாகக் கூப்பிட்டு, இந்தக் காயத்திலிருந்து இந்தச் சாவு வர வாய்ப்பு உண்டா என்று சொல்ல வைக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் முடியாதது இல்லை. விபத்து டிரிபியூனலில் கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. எது அதிகம் நடந்திருக்க வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

"இத்தனை நாளுக்குள்ள செத்திருக்கோணும்னு ஏதாச்சும் கணக்கு இருக்குதுங்களா?"

இல்லை. நாள் கூடக் கூட நிரூபிக்கும் பாரம் கூடும், அவ்வளவுதான். தலையில் அடிபட்டவருக்கு மூளைக்கு மேல் மெதுவாக ரத்தம் கசிந்து, நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் சில வாரம் கழித்துத் தலைவலி, குழப்பம் என்று விழுவது உண்டு. தொடை எலும்பு முறிந்து படுத்தவருக்குக் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் திடீரென்று உயிர் போவதும் உண்டு. வீட்டார் இதை "மாரடைப்பு" என்றுதான் சொல்வார்கள். போஸ்ட்மார்ட்டம் இருந்தால்தான் உண்மை வெளியே வரும்.

"அவருக்கு சக்கரை இருந்துதுங்க. அதனாலதான் புண்ணு ஆறலைன்னு சொல்றாங்க."

சொல்லட்டும். அடித்தவர், அடிபட்டவரை அவர் இருக்கிற நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். பலவீனமான உடம்பை அடித்துவிட்டு, பலமான உடம்பாக இருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லித் தப்ப முடியாது. சக்கரை என்பது விபத்துக்கு முன்பே இருந்தது, நடுவில் வந்த செயலே இல்லை. ஆனால் சக்கரையை மறைக்காதீர்கள். கேஸ் ஷீட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கும், நீங்கள் இல்லை என்று சாட்சி சொன்னால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

"ஆபரேஷன் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு நாட்டு வைத்தியர்கிட்ட கட்டுப் போட்டோமுங்க. கால் அழுகி எடுக்க வேண்டியதாப் போச்சு."

நம் ஊரில் அடிக்கடி வருவது. "கட்டுப் போட்டா போதும்" என்று சொல்ல ஒரு சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். காயம் பட்டவரும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. ஆபரேஷன் செய்யாவிட்டால் காலை இழப்பீர்கள் என்று டாக்டர் சொல்லி, அதை எழுதி, நீங்கள் கையெழுத்தும் போட்டு வெளியே வந்திருந்தால், கால் போனதற்கான தொகையில் கை வைப்பார்கள். முறிவுக்கான தொகை தொடரும். காசில்லாமல் வந்தோம், ஆபத்தை யாரும் விளக்கவில்லை என்றால் அதைச் சாட்சியத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். கோர்ட் அதைப் பார்க்கும்.

சாவில் முடிந்த கிரிமினல் கேஸில் நிலைமை வேறு. காயத்தை உண்டாக்கியவரே சாவை உண்டாக்கியவர், தகுந்த சிகிச்சையால் சாவைத் தடுத்திருக்க முடியும் என்றாலும்கூட, என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 100-ஆவது பிரிவின் விளக்கம் சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 299-லும் இதே விளக்கம் இருந்தது. அடிதடிக் கேஸ்களில் இதைத்தான் காட்டுவார்கள்.

"பைக்குல இருந்து கார்க்காரன் தள்ளிவிட்டான். ரோட்டுல கெடந்தவரு மேல பின்னால வந்த லாரி ஏறிடுச்சு. யார் மேல கேஸ் போடறதுங்க?"

இரண்டு பேர் மேலும். சேலம், கோவை நாலுவழிச் சாலையில் ஒருவரை ராத்திரி நேரத்தில் நடுரோட்டில் விழ வைத்தால், பின்னால் வரும் வண்டி ஏறக்கூடும் என்பது யாருக்கும் தெரியும். அதனால் லாரி வந்தது சங்கிலியை அறுக்காது. இரண்டு பேரின் கவனக்குறைவும் சேர்ந்து ஒரே சாவை உண்டாக்கினால், குடும்பம் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்று 2015-ல் கென்யேய் கேஸில் உச்ச நீதிமன்றம் சொன்னது. யாருக்கு எத்தனை பங்கு என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸ் மோதினாலும் இதே வழிதான். எல்லா வண்டிகளையும் இன்சூரன்ஸ்களையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள்.

விபத்து எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு 1991-ல் வந்த சிவாஜி தயானு பாட்டீல் தீர்ப்பைப் பார்க்கலாம். மகாராஷ்டிராவில் பெட்ரோல் டேங்கர் ஒன்று வேறொரு லாரியில் மோதிக் கவிழ்ந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் கழித்து, கசிந்த பெட்ரோல் தீப்பிடித்து, அங்கே கூடியிருந்தவர்கள் இறந்தார்கள். மோதல் வேறு, தீ வேறு என்று டேங்கர் தரப்பு சொன்னது. வாகனத்தைப் பயன்படுத்தியதால் எழுந்த விபத்து என்ற சொற்களுக்கு அகலமான பொருள், நேரடிக் காரணமாக இருக்க வேண்டியதில்லை என்று கோர்ட் அதை நிராகரித்தது.

"கட்டை ஊனிட்டு நடக்கும்போது பாத்ரூமுல வழுக்கி இடுப்பும் முறிஞ்சுதுங்க. இதையும் சேர்த்துக் கேக்கலாங்களா?"

கேட்கலாம். ஊன்றுகோலோடு நடப்பவர் விழுவது முதல் விபத்தின் தொடர்ச்சிதான். ஆனால் கால் திடீரென்று மடங்கும் என்று தெரிந்தும் யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், பிடிமானம் இல்லாத செங்குத்தான படியில் இறங்கினால்? 1969-ல் மெக்கியூ என்ற ஸ்காட்லாந்து கேஸில் அது அவரே வரவழைத்துக்கொண்டது என்று இரண்டாவது காயத்துக்குப் பணம் மறுத்தார்கள். மாவுக்கட்டோடு எக்ஸ்எல் ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் விழுந்தவர்களுக்கும் இதே பதில்தான் கிடைக்கும். இப்படி ஒருவர் வந்தார், சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

"மொத விபத்துல காலு ஊனமாச்சு. ரெண்டு வருசம் கழிச்சு வேற விபத்துல அதே காலையே எடுத்துட்டாங்க. முதல் கேஸ் போயிடுமாங்க?"

போகாது. லண்டனில் பேக்கர் என்பவருக்கு 1964-ல் கார் மோதிக் கால் ஊனமானது. 1967-ல் கொள்ளைக்காரர்கள் அதே காலில் சுட்டு, காலையே எடுக்க வேண்டியதாயிற்று. கார்க்காரர் "அந்தக் காலே இல்லையே, இனி நான் எதற்குக் கொடுக்க வேண்டும்" என்றார். முதல் ஊனத்தால் இழந்த சம்பாத்தியத்தை இரண்டாவது சம்பவம் அழித்துவிடாது என்று தீர்ப்பானது. ஆனால் பிற்பாடு வேறொரு கேஸில், இரண்டாவதாக வந்தது தானாக வந்த நோயாக இருந்தபோது, அதே கோர்ட் அந்த நாளோடு பொறுப்பை நிறுத்தியது. இரண்டையும் ஒத்துப்போக வைக்கப் படித்தவர்களே திணறுகிறார்கள், நான் முயற்சி செய்யவில்லை.

"ஆஸ்பத்திரி மேலயும் அதே டிரிபியூனல்ல கேக்கலாங்களா?"

டிரிபியூனல் வாகனத்தால் வந்ததை மட்டும்தான் பார்க்கும். பணம் கட்டி வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும், இரண்டு வருடத்துக்குள். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி அதில் வராது. ஒரே இழப்புக்கு இரண்டு இடத்திலும் முழுத் தொகை வாங்க முடியாது. இன்னொரு ஜாக்கிரதை: நுகர்வோர் மனுவில் கோபத்தில் "டாக்டரால் மட்டுமே செத்தார்" என்று எழுதிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் வக்கீல் அந்தத் தாளை நகல் எடுத்து டிரிபியூனலில் உங்களுக்கு எதிராகவே காட்டுவார். விபத்தும் வைத்தியமும் சேர்ந்து என்று எழுதுங்கள், உண்மையும் பெரும்பாலும் அதுதான்.

"கிரிமினல் கோர்ட்டுல டிரைவரை விட்டுட்டாங்க. காரணம் டாக்டர்தான்னு சொல்லிட்டாங்க. எங்க பணம்?"

அங்கே அளவுகோல் வேறு. கவனக்குறைவால் சாவு உண்டாக்கிய குற்றத்துக்கு, அந்தச் செயலே நேரடியான, உடனடியான காரணமாக இருக்க வேண்டும். பம்பாய் பெயிண்ட் தொழிற்சாலைத் தீ விபத்தில் குர்பான் ஹுசேன் கேஸ் அப்படித்தான். உரிமையாளர் தரப்பு அனுமதியில்லாமல் கொதிக்கவைத்துத் தயாரிக்க விட்டது தவறு, ஆனால் தீயை உண்டாக்கியது ஒரு தொழிலாளி டர்பன்டைனை அவசரமாக ஊற்றியது என்று சொல்லி, சாவுக்கான குற்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது. டிரிபியூனலில் அவ்வளவு இறுக்கம் இல்லை. ஐந்தாம் பதிலில் சொன்ன "எது அதிகம் வாய்ப்பு" என்ற அளவுதான். விடுதலைத் தீர்ப்பு டிரிபியூனலைக் கட்டுப்படுத்தாது.

"கேஸ் நடந்துட்டு இருக்கும்போதே அப்பாரு வேற நோயில போயிட்டாருங்க. காயத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லீங்க. கேஸ் முடிஞ்சுதா?"

முடியவில்லை. சங்கிலி அறுந்தால் சாவுக்குத்தான் பணம் இல்லை, காயத்துக்கு உண்டு. காயம் பட்டவர் எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் காயத்துக்கான இழப்பீடு கேட்கும் உரிமை வாரிசுகளுக்குப் போகும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(5) பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்தில் வந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழோடு வந்து, உங்களை மனுதாரராகச் சேர்க்க மனு போட வேண்டும். சம்பந்தம் உண்டு என்று பிறகு டாக்டர் சொன்னால் அதே மனுவைச் சாவுக்கான மனுவாகத் திருத்தக் கேட்கலாம். இன்னும் மனுவே போடவில்லை என்றால், ஆறு மாதக் கெடு விபத்து நடந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது, இறந்த நாளிலிருந்து இல்லை.